செவ்வாய் இரவா, புதன் அதிகாலையா? கொக்குவிலில் இருந்து ஒரு நள்ளிரவு நேர்முகத்தேர்வு

2026 பெப்ரவரி 27, வெள்ளிக்கிழமை. கொக்குவிலில் இருக்கும் ஒரு மென்பொருள் பொறியாளருக்கு சான் பிரான்சிஸ்கோவில் இருந்து மின்னஞ்சல் வருகிறது. மார்ச் 10, செவ்வாய், காலை 11 மணி, `PST`. 75 நிமிடம். கேட்பவர்கள் மூன்று பேர்: குழுத் தலைவர் சான் பிரான்சிஸ்கோவில், ஒரு பொறியாளர் சியாட்டிலில், மேலாளர் லண்டனில். முதல் 45 நிமிடம் தொழில்நுட்பம், அடுத்த 20 நிமிடம் தொலைவில் இருந்து வேலை செய்வது பற்றிய கேள்விகள், மிச்சம் விண்ணப்பதாரி கேட்பதற்கு.

அவருக்கு யாழ் நகரில் காலை 8.30 முதல் மாலை 5 மணி வரை வேலை இருக்கிறது. வழக்கமாக இரவு 10.30க்குப் படுத்துக் காலை 5.30க்கு எழும்புபவர். வீட்டில் ஃபைபர் இணைப்பு, ஐந்து வயதான மடிக்கணினி, கூரையில் ஒரு விசிறி. ஆள் கற்பனை. நேரக் கணக்கும் தடங்கல்களும் யாழ்ப்பாணத்தில் இருந்து இப்படி ஒரு அழைப்பை எடுக்கும் எவருக்கும் வரக்கூடியவை.

முதல் பிழை மின்னஞ்சலிலேயே இருக்கிறது

வெள்ளிக்கிழமை மின்னஞ்சலைப் பார்த்தவுடன் அவர் செய்யக்கூடியது, போனில் நேரத்தை மாற்றிப் பார்ப்பது. அன்று கலிபோர்னியா இலங்கையை விடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னே. காலை 11 மணியோடு அதைக் கூட்டினால் அடுத்த நாள் அதிகாலை 12.30. ஆகவே "புதன் அதிகாலை 12.30" என்று குறித்துக்கொள்வார். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது பெப்ரவரி 27க்கான கணக்கு.

அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். 2026இல் அது மார்ச் 8, நேர்முகத்தேர்வுக்கு இரண்டு நாள் முன்னர். மார்ச் 10 அன்று வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம்தான். அங்கே காலை 11 என்றால் இங்கே செவ்வாய் இரவு 11.30. புதன் 12.30 என்று நம்பி இருப்பவர் கணினியைத் திறக்கும்போது அங்கே ஒரு மணி நேரம் கடந்து, கூட்டம் முடிய 15 நிமிடம் மட்டுமே இருக்கும். பெரும்பாலும் மூவரும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள்.

கோடை காலத்தில் அங்கே நடப்பது `PDT`, குளிர்காலத்தில் `PST`. மின்னஞ்சல் எழுதியவர் வழக்கத்தில் `PST` என்று போட்டுவிட்டார். அங்குள்ளவர்கள் ஆண்டு முழுக்க அப்படித்தான் எழுதுவார்கள், பேசுவார்கள். அவர்கள் சொல்வது "எங்கள் ஊர் 11 மணி" என்பதைத்தான். அதை எழுத்துக்கு எழுத்து நம்பி இணையத்தில் தேடினால், தேடுபொறி `PST`ஐ அப்படியே எடுத்துக்கொண்டு 12.30 என்றே காட்டக்கூடும். இரண்டு இடத்தில் பார்த்தேன், இரண்டிலும் 12.30தான் என்று ஒருவர் உறுதியாக நம்புவதும், அந்த உறுதி பிழையாவதும் இப்படித்தான்.

உண்மையில் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இது புதிதில்லை. ரொறன்ரோவில் இருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வரும் அழைப்பு ஒரு கிழமை திடீரென்று ஒரு மணி நேரம் முந்தி வந்தால், "அங்க நேரம் மாத்திட்டினம்" என்று அம்மம்மா சொல்லிவிடுவார். அந்த அறிவைத்தான் நாட்காட்டிக்குள் கொண்டுவர வேண்டும்.

மின்னஞ்சலோடு நாட்காட்டி அழைப்பும் வந்திருந்தால் அதைத் திறந்து பார்க்கலாம். அந்த `.ics` கோப்பை எழுத்துத் தொகுப்பியில் திறந்தால் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
DTSTART;TZID=America/Los_Angeles:20260310T110000
```

இங்கே `PST`யும் இல்லை, `PDT`யும் இல்லை. ஊர்ப் பெயரும் அந்த ஊரின் கடிகார நேரமும் மட்டுமே. எந்த நாளில் எந்த வித்தியாசம் என்பதைக் கணினி தன் நேர வலயத் தரவில் இருந்து எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் வைத்திருப்பவர் ஒரே கட்டளையில் சரிபார்க்கலாம்:

```
TZ=Asia/Colombo date -d 'TZ="America/Los_Angeles" 2026-03-10 11:00'
```

விடையாகச் செவ்வாய் 23:30 வரும். விண்டோஸில் இருப்பவர் தன் கணினியின் நேர வலயம் `(UTC+05:30) Sri Jayawardenepura` என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். இந்தியாவின் வலயம் தேர்ந்திருந்தாலும் இன்றைய நேரத்துக்கு வித்தியாசம் வராது. 1996க்கும் 2006க்கும் இடையில் இலங்கைக் கடிகாரம் முன்னே தள்ளப்பட்டிருந்த பத்து ஆண்டுகளின் பழைய பதிவுகளைப் பார்ப்பவருக்குத்தான் அது பொருட்டு.

நாட்காட்டி 11.30 என்றும் மின்னஞ்சல் `PST` என்றும் சொன்னால் நாட்காட்டியை நம்பலாம், ஆனாலும் கேட்டு உறுதி செய்ய வேண்டும். "நேரம் சரிதானே?" என்று பொதுவாகக் கேட்டால் "ஆம்" என்றுதான் பதில் வரும், இருவரும் வேறு வேறு நேரத்தை மனதில் வைத்துக்கொண்டே. பதிலில் மூன்று நேரத்தையும் எழுத வேண்டும்: செவ்வாய் மார்ச் 10, உங்கள் காலை 11, `18:00 UTC`, எனக்குச் செவ்வாய் இரவு 11.30. இதில் `UTC`தான் யாருடைய கடிகாரத்திலும் ஆடாதது. கிழமையையும் தேதியையும் இரு பக்கமும் சேர்த்து எழுதுவது நள்ளிரவுக்கு அருகே வரும் அழைப்புகளில் மிக அவசியம். "செவ்வாய் 12.30" என்ற ஒரு குறிப்பை வைத்து ஒருவர் திங்கள் இரவே விழித்திருக்க முடியும். `IST` என்று சுருக்கி எழுதாமல் விடுவதும் நல்லது. அது இந்தியாவுக்கு மட்டுமல்லாமல் அயர்லாந்துக்கும் இஸ்ரேலுக்கும் அதே எழுத்துத்தான்.

வேறு நேரம் கேட்கலாமா

கேட்கலாம். கேட்பதற்கு முன் அவர்களுடைய வேலை நாளுக்குள் விழும், நமக்கும் ஏற்ற நேரம் எது என்று பார்த்துவிட வேண்டும். மார்ச் 8க்குப் பின் கலிபோர்னியாவின் காலை 8 மணி நமக்கு இரவு 8.30. காலை 9 மணி நமக்கு 9.30. மறுபக்கத்தில், அவர்களுடைய மாலை 5 மணி நமக்கு அடுத்த நாள் காலை 5.30. இந்த மாலை நேரம் பலருக்குத் தோன்றுவதில்லை. இரவு முழுக்க உறங்கி, நாலரைக்கு எழுந்து, முகம் கழுவி, பிளேன்ரீ குடித்துவிட்டு உட்காரலாம். மூளை நள்ளிரவை விடத் தெளிவாக இருக்கும்.

இந்தக் குழுவில் லண்டன் மேலாளர் ஒருவர் இருப்பதால் அந்த வழி அடைபடுகிறது. கலிபோர்னிய மாலை 5 மணி என்பது லண்டனில் நள்ளிரவு 12 மணி. காலை 11 மணியைத் தேர்ந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். லண்டனில் அப்போது மாலை 6 மணி. விண்ணப்பதாரிக்குச் சாதகமான கோரிக்கை காலை 9 மணி. லண்டனுக்கு அது மாலை 4, மூவருக்கும் வேலை நேரம். ஒருமுறை, காரணம் நீட்டாமல் கேட்டுப் பார்க்கலாம். நம் மாதிரி நிகழ்வில் சியாட்டில் பொறியாளருக்கு அந்த நேரம் வேறு கூட்டம் இருப்பதால் 11 மணியே நிலைக்கிறது.

அதிகாலை 2 முதல் 5 வரையான நேரம் வந்தால் மட்டும் விடாமல் கேட்க வேண்டும். உடல் வெப்பநிலை மிகக் குறைந்து, விழிப்பும் அடிமட்டத்துக்குப் போகும் நேரம் அது. தேநீரோ பயிற்சியோ அதை முழுதாக ஈடுகட்டாது. 11.30 அப்படியானதில்லை, திட்டமிட்டால் சமாளிக்கலாம்.

இரவு 8 மணிக்குப் படுப்பது ஏன் வேலை செய்யாது

காலை 5.30க்கு எழுந்து, அலுவலகம் போய், நேரே 11.30க்கு உட்கார்ந்தால், அழைப்பு தொடங்கும்போதே 18 மணி நேரம் விழித்திருக்கிறார். முடியும்போது 19ஐத் தாண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் எதிர்வினைகள், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு மந்தமாகும் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். நேர்முகத்தேர்வில் இது கொட்டாவியாக வெளிப்படாது. பதட்டம் அதை மறைத்துவிடும். வெளிப்படுவது வேறு: கேள்வியின் முதல் பாதிக்கு மட்டும் பதில் சொல்வது, தெரிந்த ஆங்கிலச் சொல் நாக்கில் வராமல் நிற்பது, சொன்னதையே திரும்பச் சொல்வது. பகலில் சரளமாகப் பேசும் இரண்டாம் மொழிதான் களைப்பில் முதலில் தடுமாறும்.

இதற்கு வீட்டில் எல்லோரும் சொல்லும் வழி, "எட்டு மணிக்குச் சாப்பிட்டுட்டு ஒரு கண் அயர்ந்திட்டு எழும்பு" என்பது. நல்ல எண்ணம்தான். ஆனால் வழக்கமாக 10.30க்குப் படுப்பவரின் உடலுக்கு 7.30 முதல் 10 மணி வரை உறக்கம் வருவது கடினம். உடல் கடிகாரம் விழிப்பை மிகப் பலமாகத் தாங்கிப் பிடிக்கும் நேரம் அதுவே. உறங்காமல் புரண்டுகொண்டிருப்பார், உறக்கம் வரவில்லையே என்ற கவலையும் சேரும். தப்பித்தவறி உறங்கிவிட்டால் இன்னும் மோசம்: ஆழ்ந்த உறக்கத்தில் அலாரம் எழுப்பும், அரை மணி நேரத்துக்குத் தலை கனத்துக் கிடக்கும்.

நடைமுறைக்கு ஏற்றது, உறங்கும் நேரத்தைப் பின்னே தள்ளிவிட்டு, அன்று பிற்பகலில் ஒரு உறக்கம் போடுவது. நம் விண்ணப்பதாரி சனிக்கிழமை இரவு 11.15க்குப் படுக்கிறார். ஞாயிறு இரவு 11.30க்கு ஒத்திகை, 12.30க்குப் படுக்கை, அதனால் திங்கள் காலை 7 மணி வரை உறங்க வேண்டும், கொக்குவிலில் இருந்து 8.30க்கு நகருக்குப் போய்ச் சேர அது போதும். திங்கள் இரவு 12 மணிக்குப் படுத்து, செவ்வாய் காலை ஏழே காலுக்கு எழும்புகிறார். செவ்வாய் பிற்பகல் அரை நாள் லீவு. காரணத்தை அலுவலகத்தில் விளக்க வேண்டியதில்லை, தனிப்பட்ட வேலை என்றால் போதும்.

மதியம் சோறு அளவாகச் சாப்பிட்டு, 2 மணி முதல் 3.30 வரை திரைச்சீலை இழுத்து உறக்கம். பிற்பகலில் இயல்பாகவே விழிப்பு தாழும், யாழ்ப்பாண மார்ச் வெயிலும் துணைக்கு வரும். ஒன்றரை மணி நேரம் என்பது ஏறத்தாழ ஒரு முழு உறக்கச் சுழற்சி. அவ்வளவு நேரம் கிடைக்காவிட்டால் 20 நிமிடத்தோடு நிறுத்திவிடுவது நல்லது. 45 நிமிடம், ஒரு மணி நேரம் என்று இடையில் எழும்புவதுதான் தலையைக் கனக்க வைக்கும். இப்படிச் செய்தால் 11.30க்கு அவர் கடைசியாக எழுந்து எட்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

இரவுச் சாப்பாடு 7.30க்கு, இடியப்பமும் சொதியும் போல இலகுவாக. அன்று ஒடியல் கூழ் வேண்டாம். சுவையில் குறையேதும் இல்லை, ஆனால் நிறையக் குடித்துவிட்டு நேரே உட்கார முடியாது. 10.30க்கு ஒரு பிளேன்ரீ. கஃபீன் உச்சத்தைத் தொட அரை மணி முதல் ஒரு மணி நேரம் எடுக்கும், ஆகவே 11.15க்குக் குடிப்பது பிந்திப் போகும். கோப்பி தேவையில்லை. உடலில் இருந்து பாதி கஃபீன் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும், 12.45க்கு முடிந்து 2 மணிக்காவது படுக்க வேண்டியவருக்கு ஒரு கோப்பியின் அளவு அதிகம்.

ஒத்திகை, அதே நேரத்தில்

ஞாயிறு இரவு 11.30க்கு ரொறன்ரோவில் பிற்பகல் 2 மணி. அங்கே கடிகாரம் மாறிய முதல் நாள் அது, பேச்சைத் தொடங்க அதுவே போதும். அங்குள்ள அக்காவோ மச்சானோ ஒருவர் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், பகல் ஒத்திகையில் தெரியாத இரண்டு விடயங்கள் தெரியவரும்.

முதலாவது தாமதம். யாழ்ப்பாணத்தில் இருந்து அமெரிக்க மேற்குக் கரைக்கு ஒலி போய்த் திரும்ப, கண்ணாடி இழையில் ஒளியின் வேகத்தை மட்டும் கணக்கெடுத்தாலே ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு ஆகும். கடலடிக் கேபிளின் சுற்று வழியும் இடையிலுள்ள கருவிகளும் சேர்ந்தால் கால் வினாடி, சில வேளை அதற்கும் மேல். காதுக்கு இது தாமதமாகத் தெரியாது. எதிரில் இருப்பவர் மூச்சு வாங்க நிறுத்துவதை முடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு நாம் பேசத் தொடங்குவோம். அது அவரைச் சேரும்போது அவர் அடுத்த சொல்லில் இருப்பார். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் மீண்டும் ஒன்றாகத் தொடங்குவார்கள். "தம்பி, நான் கேள்வியை முடிக்க முன்னமே நீ துவங்கிறாய்" என்று அக்கா சொன்னால் அது பழக்கக் குறையாக மட்டும் இருக்காது, கேபிளின் நீளமும் அதில் இருக்கிறது. கேள்வி முடிந்ததும் மனதுக்குள் "ஒன்று" என்று எண்ணிவிட்டுத் தொடங்கினால் சரியாகும். யோசிக்க நேரம் தேவைப்பட்டால் அதை வாயால் சொல்ல வேண்டும். தாமதத்தோடு சேரும் மௌனம் இணைப்பு அறுந்ததுபோல் அங்கே தெரியும்.

இரண்டாவது ஒலி. பகலில் கேட்காத விசிறி இரவில் மைக்கில் கேட்கும். தெரு நாய் கேட்கும். மழை வந்தால் தகரக் கூரை வேறு எதையும் கேட்க விடாது. வயர் உள்ள சாதாரண ஹெட்செட் இங்கே விலை கூடிய புளூடூத்தை வெல்லும்: புளூடூத் ஹெட்செட்டின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் பல கணினிகளில் அது அழைப்பு முறைக்கு மாறி, இரு பக்க ஒலியும் பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். களைத்த காதுக்கு அந்நிய உச்சரிப்பைப் பிடிப்பது அதிலேயே பாதி கடினமாகிவிடும்.

12 மணியைத் தாண்டும் அழைப்பு

மின்சாரம் போனால் மடிக்கணினி தாங்கும், ரவுட்டர் தாங்காது. 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இருந்தால் ஃபைபர் ரவுட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது பெட்டியில் இருக்கும் எண்ணைச் சரியாக வாசிக்க வேண்டும். 10,000 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்துக்கான கணக்கு. அது 37 வாட்-மணி. இழப்புப் போக 30 என்று வைக்கலாம். ரவுட்டர் 12 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம். 75 நிமிட அழைப்புக்குத் தாராளம். மலிவான பெட்டிகளில் எண்ணே மிகையாக இருக்கும், ஆகவே ஞாயிறு ஒத்திகையின் நடுவில் சுவரில் சுவிட்சை அணைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. அணைக்கும் கணத்தில் ரவுட்டர் விளக்குகள் அணைந்து மீண்டும் எரிந்தால், யூபிஎஸ் மாறும் வேகம் போதவில்லை என்று அர்த்தம். ரவுட்டர் மீண்டும் எழும்பி இணைய இரண்டு மூன்று நிமிடம் ஆகும், அழைப்பு அறுந்துவிடும்.

இரண்டாவது வழி போன் டேட்டா. ஊர் முழுக்கக் கரண்ட் போனால் எல்லோரும் ஒரே கோபுரத்துக்குத் தாவுவார்கள், அதனால் பகலில் பார்த்த வேகம் அப்போது இருக்காது. வீடியோவுக்கு ஒன்று முதல் இரண்டு மெகாபிட் வேண்டும். கமராவை அணைத்தால் அதில் பத்தில் ஒரு பங்கே போதும். முதலில் கமராவை விட்டுக்கொடுத்து ஒலியைக் காப்பாற்றுங்கள்.

இந்த அழைப்புக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. 11.30க்குத் தொடங்கி 12.45க்கு முடிவது நடுவில் தேதியைத் தாண்டுகிறது. நாள் கணக்கில் வாங்கும் டேட்டா பொதிகளில் சில நள்ளிரவோடு முடிந்துவிடும். 24 மணி நேரப் பொதியையும் முதல் நாள் எப்போது போட்டீர்கள் என்று பார்க்க வேண்டும். செவ்வாய் மாலை வாங்கிய பொதி எப்போது முடிகிறது என்பது வாங்கியவுடன் வரும் குறுஞ்செய்தியில் இருக்கும். விண்டோஸ் தன் மேம்படுத்தல்களுக்காகக் கணினியை மீளத் தொடக்குவதும் வேலை நேரம் முடிந்த பிறகுதான், ஆகவே திங்களன்றே அதை ஓடவிட்டு, பிறகு ஒரு கிழமைக்கு நிறுத்தி வைப்பது நல்லது. போனில் 11 மணிக்குத் தானாக வரும் "தொந்தரவு செய்யாதே" அமைப்பையும் அன்று அணைத்துவிட வேண்டும். கூட்ட இணைப்பு வேலை செய்யாமல், அங்கிருந்து புதிய இணைப்பை அனுப்பியிருப்பார்கள். போன் சத்தமில்லாமல் அதை மறைத்து வைத்திருக்கும்.

அந்த இருபது நிமிடம்

தொழில்நுட்பக் கேள்விகளுக்கு ஆயத்தமாவது எப்படி என்று எல்லோருக்கும் ஒரு வழி இருக்கிறது. தொலைவேலைக் கேள்விகளுக்குத்தான் ஆயத்தமில்லாமல் வருவார்கள், "நான் நெகிழ்வாக இருப்பேன்" என்ற ஒரு பதிலோடு. கேட்பவருக்கு அந்தப் பதிலில் எழுதிக்கொள்ள எதுவும் இல்லை.

முதல் கேள்வி பெரும்பாலும் இதுவே: எங்களோடு எத்தனை மணி நேரம் ஒன்றாக இருப்பீர்கள்? நல்ல பதில், அவர்களுடைய கடிகாரத்தில் சொல்லப்படும் எண். உதாரணமாக, "உங்கள் காலை 7.30 முதல் 10.30 வரை ஒவ்வொரு நாளும் இருப்பேன். எனக்கு அது கோடையில் இரவு 8 முதல் 11, நவம்பர் முதலாம் தேதிக்குப் பிறகு 9 முதல் 12. என் தனி வேலையைப் பிற்பகல் 2 முதல் 7 வரை செய்வேன்." மூன்று மணி நேரம் என்ற எண்ணும், நவம்பரில் என்ன மாறும் என்பதும் அதில் வந்துவிடுகின்றன. குளிர்காலத்தில் நள்ளிரவு வரை இருக்க முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கூட்டங்களை மட்டும் அரை மணி முன்னே வைக்க முடியுமா என்று இங்கே கேட்கலாம்; வேலைக்குச் சேர்ந்த பிறகு நவம்பரில் கேட்பதை விட இது இலகு. கிழமைக் கணக்கும் இதில் உண்டு. அவர்களுடைய வெள்ளி காலை நமக்கு வெள்ளி இரவு, அவர்களுடைய திங்கள் தொடங்கும்போது நம் திங்கள் முடிந்துவிடும். நம் திங்கள் பகல் முழுவதும் அங்கே ஞாயிறு இரவு, யாரும் இல்லாத நாள். அதை எதற்குப் பயன்படுத்துவேன் என்று ஒரு வரி வைத்திருந்தால் பேச்சு நன்றாக நகரும்.

இரண்டாவது கேள்வி கடினமானது: உங்கள் பிற்பகல் 3 மணிக்கு வேலை சிக்கி நிற்கிறது, அமெரிக்காவில் எங்களில் யாரும் விழித்திருக்கவில்லை, என்ன செய்வீர்கள்? "கூகுளில் தேடுவேன்" என்பதோ "உங்களுக்காகக் காத்திருப்பேன்" என்பதோ இரண்டு முனைகள். அவர்கள் பார்க்க விரும்புவது, எழுத்தில் கேள்வி கேட்கத் தெரிந்தவரா என்பதை. ஒரு உண்மையான சிக்கலை எடுத்து அதற்கு எழுதும் செய்தியையே சொல்லிக் காட்டலாம். உதாரணமாக: பணம் செலுத்தும் பகுதியில் ஒரு சோதனை மூன்று தடவைக்கு ஒரு தடவை தோற்கிறது. அரை மணி நேரம் பார்த்தேன். தோற்கும் ஒவ்வொரு தடவையும் வெளிச் சேவையின் பதில் ஐந்து வினாடியைத் தாண்டுகிறது, பதிவு இங்கே. காலக்கெடுவைக் கூட்டலாம், அல்லது சோதனையில் அந்தச் சேவைக்குப் போலிப் பதிலை வைக்கலாம். இரண்டாவதே சரி என்று நினைக்கிறேன், தனிக் கிளையில் அதைச் செய்துவைக்கிறேன். பிழை என்றால் சொல்லுங்கள், மாற்றிவிடுவேன். அதுவரை அடுத்த பணியைத் தொடங்குகிறேன். இந்தச் செய்தியைக் காலை 8 மணிக்குப் படிப்பவர் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். பார்த்தது, நினைப்பது, செய்யப்போவது மூன்றும் இல்லாமல் "சோதனை தோற்கிறது, உதவி வேண்டும்" என்று மட்டும் எழுதினால், இரண்டு கேள்வி-பதிலுக்கு இரண்டு நாள் போய்விடும். பன்னிரண்டரை மணி நேர வித்தியாசத்தின் விலை அதுதான்.

மின்சாரம், இணையம் பற்றிக் கேட்டால் மினி யூபிஎஸ் கணக்கை அப்படியே சொல்லலாம்: ரவுட்டர் இரண்டரை மணி நேரம், மடிக்கணினி இவ்வளவு நேரம், அதற்கு மேல் போன். "இங்கே பிரச்சினையே இல்லை" என்று சொன்னவரின் அழைப்பு அந்தக் கணமே அறுந்தால் அதற்கு மேல் விளக்கம் இல்லை.

ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்ற கேள்வியை விண்ணப்பதாரியே எழுப்பலாம், கடைசிப் பத்து நிமிடத்தில். ஒப்பந்தக்காரர் என்றால் வரியும் ஓய்வுக்காலச் சேமிப்பும் தானே பார்க்க வேண்டியவை. வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் 1 முதல் அதிகபட்சம் 15 சதவீத வரி உண்டு. அதற்கு முன் விலக்கு இருந்ததால், பழைய கணக்கில் சம்பளம் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

12.45க்குப் பிறகு

அழைப்பு முடிந்ததும் பத்து நிமிடம் கேட்ட கேள்விகளைக் காகிதத்தில் எழுத வேண்டும். காலையில் பாதி நினைவில் இருக்காது. நன்றி மின்னஞ்சலை அப்போதே அனுப்ப வேண்டாம், ஒரு மணிக்கு எழுதும் ஆங்கிலத்தைக் காலையில் படித்தால் தெரியும். காலை 8.30க்கு அனுப்பினால் அங்கே செவ்வாய் இரவு 8 மணி, புதன் காலை முதலில் அதையே பார்ப்பார்கள். பதட்டம் அடங்கி உறக்கம் வர 2 மணியாகலாம். புதன் காலை மோட்டார் சைக்கிளை விட்டு பஸ்ஸில் போவது நல்லது.

அடுத்த சுற்று வரும்: லண்டன் மேலாளரோடு மட்டும், மார்ச் 31 செவ்வாய், அவருடைய காலை 10 மணி. மார்ச் நடுவில் அழைப்பைப் பார்ப்பவர் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 3.30 என்று எழுதிக்கொள்வார். பிரித்தானியா கடிகாரத்தை மாற்றுவது மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, அதாவது 29ஆம் தேதி. அழைப்பு 2.30க்கு. இந்தத் தடவை பகல் வேளை, அவர் அலுவலகத்தில் இருக்கும் நேரம். இன்னொரு அரை நாள் லீவுக்கு இப்போதே எழுத வேண்டும்.